பீடிகையும் வேண்டுகோளும்

பேச்சுவழக்கில் ‘பீடிகை பலமாக இருக்கிறதே’ என்று கேட்பதுண்டு. வந்த செய்தியைச் சொல்லாமல் ஒருவர் சுற்றி வளைக்கும்போது, கேட்பவர் சிரித்துக்கொண்டே கேட்கும் கேள்வி அது. நேரில் பேசும்போது அக்கேள்வியைக் கேட்க எதிரில் ஓர் ஆள் இருக்கிறார். மின்னஞ்சலில் அப்படி எவரும் இல்லை. எழுதியவர் பீடிகையை நீட்டிக்கொண்டே போகலாம். படிப்பவர் பாதியில் மூடிவிட்டுப் போய்விடலாம். இருவருக்கும் இடையில் என்ன நிகழ்ந்தது என்பது இருவருக்குமே தெரியாது.

ஒரு மாணவியின் மின்னஞ்சல்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு தாவரவியல் பயிலும் மாணவி ஒருத்தி, கோடைக்கால ஆய்வுப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறாள். அதற்கு ஆசிரியர் இருவரின் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் நவம்பர் 30. கடிதம் வராவிட்டால் மதிப்பெண்கள் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும் விண்ணப்பம் முழுமை பெறாது. நவம்பர் 9ஆம் நாள் இரவு, தன் பேராசிரியருக்கு அவள் எழுதும் மின்னஞ்சல் இப்படி அமைகிறது எனக் கொள்ளலாம். பொருள் வரியில் ‘வணக்கம் அம்மா’ என்று மட்டும் இருக்கிறது.

“மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தினரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் பணிச்சுமைக்கிடையே தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் மூன்றாம் ஆண்டு தாவரவியல் பயிலும் மாணவி. கடந்த ஆண்டு தாங்கள் நடத்திய தாவர உடலியல் வகுப்பில் இருந்தேன். இலைத்துளைகளைப் பற்றித் தாங்கள் விளக்கியது இன்றும் என் நினைவில் இருக்கிறது. சிறுவயதிலிருந்தே செடிகொடிகள் மீது எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. என் தாத்தா ஓர் உழவர். அவருடைய வயலில்தான் என் விடுமுறை நாள்கள் கழிந்தன. சென்ற மாதம் என் தோழி வழியாகக் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி ஒன்றைப் பற்றி அறிந்தேன். வீட்டில் முதலில் தயங்கினாலும் இப்போது சம்மதித்துவிட்டார்கள். இணையதளத்தில் பார்த்தபோது இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும் என்று இருந்தது. வேதியியல் ஆசிரியரிடம் ஒன்று கேட்டுள்ளேன். எனவே, தங்களுக்கு நேரம் இருந்தால், தங்களால் முடிந்தால், எனக்காக ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்று கேட்கலாம் என நினைத்தேன். கடைசி நாள் இம்மாதம் 30 என்று நினைக்கிறேன். தவறாக எண்ண வேண்டாம். நன்றி.”

இதில் பிழையான தொடர் என்று ஒன்றும் இல்லை. பணிவு இருக்கிறது, நன்றியுணர்வு இருக்கிறது, எழுதியவளின் நல்ல மனமும் தெரிகிறது. ஆனால் வேண்டுகோள் பதினான்காவது தொடரில் இருக்கிறது. அது கூட வேண்டுகோளாக இல்லை. ‘கேட்கலாம் என நினைத்தேன்’ என்பதில் உள்ள வினைமுற்று ‘நினைத்தேன்’ என்பதே. அவள் எதையும் கேட்கவில்லை. கேட்க நினைத்ததைத் தெரிவிக்கிறாள். இலக்கணம் கற்றோர் இதை எளிதில் கண்டுகொள்வர். விரைந்து படிக்கும் ஒருவர் கண்ணுக்கு அது ஒரு மாணவியின் நலவிசாரிப்பாகவே தோன்றும்.

படிப்பவரின் பக்கம்

பேராசிரியர் அதை எங்கே படிக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். காலை 10 மணிக்கு ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கு நடக்கிறார். கையில் திறன்பேசி. அஞ்சல்பெட்டியைத் திறந்தால் ஒவ்வோர் அஞ்சலுக்கும் அனுப்பியவர் பெயர், பொருள் வரி, உடலின் முதற்சில சொற்கள் ஆகியவை மட்டும் தெரிகின்றன. இந்த அஞ்சலுக்கு அங்கே தெரிவது ‘வணக்கம் அம்மா’ என்பதும், ‘மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம். தாங்களும் தங்கள்...’ என்பதுமே. ஒரு செய்திக்கு வாய்த்த மிக மதிப்புமிக்க இடம் முழுவதும் வணக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

ஆயினும் அவர் திறக்கிறார். தாத்தாவின் வயல்வரை படிக்கிறார். மணி அடிக்கிறது. அன்பான மாணவி, மாலையில் மறுமொழி எழுதலாம் என்று எண்ணியபடி திறன்பேசியை வைத்துவிடுகிறார். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. திறக்கப்படாத அஞ்சல் தடித்த எழுத்தில் நின்று, ‘என்னைப் பார்’ என்று அழைத்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை திறந்துவிட்டால் அந்தத் தடிப்பு மறைந்துவிடும். படித்து முடித்தவற்றோடு இதுவும் ஒன்றாகிவிடும். மாலைக்குள் அதற்கு மேலே இருபது அஞ்சல்கள் வந்து அமர்ந்துவிடும். படிக்கப்படாத அஞ்சலைவிடப் பாதி படிக்கப்பட்ட அஞ்சலே விரைவாகத் தொலைகிறது.

பேராசிரியரைக் குறை சொல்ல இடமில்லை. அவர் மறந்தது ஒரு வேண்டுகோளை அன்று; அவர் கண்ணுக்கு அப்படியொன்று எட்டவே இல்லை. மாணவியோ மறுமொழி வராததை வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறாள். ‘அம்மாவுக்கு என்மேல் மதிப்பில்லை போலும்’ என எண்ணி, நினைவூட்டவும் தயங்கி, நாள்களைக் கடத்துகிறாள்.

பீடிகை நீண்டதால்தான் செய்தி சேரவில்லை என்பதை எப்படி அறிவது? மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது மௌனம், ஆனால் மௌனத்திற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் அது உறுதியான சான்று ஆகாது. இரண்டாவது, ‘மிக்க மகிழ்ச்சி, வாழ்த்துகள்’ என்பது போன்ற மறுமொழி. கேட்டதற்கு விடை சொல்லாமல் வாழ்த்து வந்தால், கேட்டது கண்ணில் படவில்லை என்பதில் ஐயமில்லை. மூன்றாவது, ‘நான் என்ன செய்ய வேண்டும்?’ என்ற கேள்வி. இதுதான் மூன்றிலும் நல்ல மறுமொழி. படித்தவர் அக்கறையோடு இருக்கிறார் என்று காட்டுகிறது. ஆனால் எழுதியவர் முதல் இரண்டு தொடர்களில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது இரண்டாவது அஞ்சலில் சொல்ல வேண்டியதாகிறது.

எடுத்தவுடன் கேட்பது முறையா?

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அது எளிதில் ஒதுக்கத்தக்கதும் அன்று. தமிழர் வீட்டிற்கு ஒருவர் உதவி நாடி வந்தால், வாசலில் நின்றபடி வந்த காரணத்தைச் சொல்வதில்லை. உட்கார்கிறார், தண்ணீர் அருந்துகிறார், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், ஊரில் மழை உண்டா என்று பேச்சு போகிறது. பிறகுதான் காரியம். எடுத்தவுடன் கேட்பவரை ‘காரியவாதி’ என்று சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு. கடிதத்திலும் ‘நலம், நலமறிய அவா’ என்று தொடங்கியதே மரபு. மூத்தவரான ஆசிரியரிடம் ஒரு மாணவி முதல் வரியிலேயே கோரிக்கை வைப்பது அந்த மரபுக்கு மாறானதாகத் தோன்றாதா?

அந்த வாசற்காட்சியை இன்னும் சற்றுக் கூர்ந்து பார்த்தால் விடை கிடைக்கும். விருந்தினர் எவ்வளவு நேரம் சுற்றி வளைத்தாலும், ஒரு கட்டத்தில் வீட்டுக்காரர் ‘சரி, வந்த விஷயத்தைச் சொல்லுங்கள்’ என்கிறார். வந்தவரின் முகத்தைப் பார்த்தே ஏதோ கேட்க வந்திருக்கிறார் என அறிந்துகொள்கிறார். நேர்ப்பேச்சில் பீடிகைக்கு முடிவு கட்டுபவர் கேட்பவரே. அதனால்தான் அங்கே அது எவருக்கும் கேடு செய்வதில்லை. மின்னஞ்சலில் முகமும் இல்லை, இடைமறிக்கும் குரலும் இல்லை. ஆகவே, வீட்டுக்காரர் செய்யும் அந்த வேலையையும் எழுதுபவரே செய்ய வேண்டியிருக்கிறது.

நலம் விசாரிக்கும் கடிதமும் அதற்குரிய சூழலில் பிறந்ததே. மாதக்கணக்கில் பாராதவர்களுக்கு எழுதிய கடிதத்தில் நலமே முதற்செய்தி. அதே காலத்தில் அவசரச் செய்திக்குத் தந்தி இருந்தது. சொல்லுக்குக் காசு என்பதால் அதில் நலவிசாரிப்புக்கு இடமே இல்லை. இந்தியாவில் தந்திச்சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. கடிதத்திற்கும் தந்திக்கும் தனித்தனியே இருந்த இரு பணிகளையும் இன்று மின்னஞ்சல் ஒன்றே செய்கிறது. சொல்லுக்குக் காசு இல்லாததால், தந்தியாக அமைய வேண்டியதும் கடிதமாகவே நீண்டுவிடுகிறது.

பணிவு தொடர்களின் எண்ணிக்கையில் இல்லை என்பதற்குத் தமிழ் மொழியே சான்று. ‘எழுதித் தா’, ‘எழுதித் தாருங்கள்’, ‘எழுதித் தருமாறு வேண்டுகிறேன்’, ‘எழுதித் தர இயலுமா?’ என ஒரே வேண்டுகோள் நான்கு படிகளில் உயர்கிறது. ‘நீ’, ‘நீங்கள்’, ‘தாங்கள்’ என்ற வேறுபாடு தனியே நிற்கிறது. இத்தனை மரியாதையையும் சில அசைகளில் சொல்லிவிடக்கூடிய மொழியில், மரியாதைக்காகப் பதின்மூன்று தொடர்களை முன்னால் நிறுத்த வேண்டிய தேவை இல்லை.

> தெரிந்து தெளிவோம்
> இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், பிரிட்டன் தலைமை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் தம் அரசுத்துறைகளுக்குச் சுருக்கமாக எழுதுவதைப் பற்றி ஒரு குறிப்பு அனுப்பினார். நீண்ட அறிக்கைகளில் முதன்மைச் செய்திகளைத் தேடுவதிலேயே நேரம் வீணாகிறது என்பது அவருடைய குறை. செய்திகளைச் சிறு பத்திகளாகவும், விரிவான விளக்கங்களைப் பின்னிணைப்பாகவும் தருமாறு அவர் கேட்டுக்கொண்டார். அந்தக் குறிப்பே ஒரு பக்க அளவில் அமைந்தது.

வினைமுற்று இறுதியில் வரும் மொழி

வேண்டுகோள் முதல் இரண்டு தொடர்களுக்குள் வர வேண்டும் என்ற விதி ஆங்கிலத்தில் எழுதுவோரிடையே பரவலாக வழங்குவது. அமெரிக்கத் தரைப்படையின் கடித விதிமுறைகூட முதன்மைச் செய்தியைத் தொடக்கத்திலேயே வைக்கச் சொல்கிறது. இதைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவரும்போது ஒரு சிக்கல் உண்டு. அதைப் பற்றிப் போதிய அளவு பேசப்படுவதில்லை.

ஆங்கிலத்தில் வேண்டுகோளுக்குரிய வினை தொடரின் தொடக்கத்திலேயே வந்துவிடும். காரணங்கள் அதன் பின்னால் தொங்கும். தொடர் எவ்வளவு நீண்டாலும், என்ன கேட்கப்படுகிறது என்பது முதல் சில சொற்களிலேயே தெரிந்துவிடும். தமிழில் வினைமுற்று இறுதியில் வருகிறது. காரணமும் சூழலும் எச்சங்களாக அதற்கு முன்னால் அடுக்கப்படுகின்றன. எனவே தமிழில் இரண்டு தொடர் என்ற விதிக்குக் கட்டுப்பட்டுக்கொண்டே அதை மீறிவிட முடியும். மேற்கண்ட மாணவி தன் அஞ்சலைச் ‘சுருக்கி’ இப்படி எழுதுகிறாள் எனக் கொள்ளலாம்:

“மூன்றாம் ஆண்டு தாவரவியல் பயிலும் நான், சென்ற மாதம் என் தோழி வழியாக அறிந்த கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க விரும்பி, அதற்கு இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும் என்று இணையதளத்தில் குறிப்பிடப்பட்டிருப்பதால், அவற்றுள் ஒன்றை வேதியியல் ஆசிரியரிடம் கேட்டுள்ள நிலையில், மற்றொன்றைத் தாங்கள் எழுதித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.”

எண்ணிப் பார்த்தால் ஒரே தொடர்தான். விதி காப்பாற்றப்பட்டுவிட்டது. படிப்பவரோ பயிலும், அறிந்த, விரும்பி, இருப்பதால், நிலையில் என்று ஒவ்வோர் எச்சத்தையும் நினைவில் தாங்கிக்கொண்டே இறுதிவரை செல்ல வேண்டியிருக்கிறது. பதினான்காவது தொடரில் இருந்த வேண்டுகோள் இப்போது முதல் தொடரின் கடைசிச் சொல்லில் இருக்கிறது. தொலைவு அவ்வளவாகக் குறையவில்லை.

ஆகவே தமிழில் வெட்டுவது இரண்டு இடங்களில் நடக்க வேண்டும். வேண்டுகோளுக்கு முன்னால் நிற்கும் தொடர்களை நீக்குவது ஒன்று. வேண்டுகோள் இருக்கும் தொடருக்குள்ளேயே அதன் வினைமுற்றை மறித்து நிற்கும் எச்சங்களைக் கழற்றுவது மற்றொன்று. கழற்றிய காரணங்களை வேண்டுகோளுக்குப் பின்னால் தனித்தனித் தொடர்களாக வைத்துவிடலாம். ‘விண்ணப்பிக்க இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும்’ என்பது தனியே நிற்கும்போது அதன் பொருள் குறைவதில்லை. வேண்டுகோள் உள்ள தொடர் ஒரே மூச்சில் வாய்விட்டுப் படிக்கும் அளவில் இருந்தால் போதும்.

வெட்டும் முறை

நீண்ட பீடிகையைக் குறைக்க முனைவோர் பெரும்பாலும் மேலிருந்து தொடங்குகின்றனர். முதல் தொடரை நீக்கலாமா என்று யோசிக்கின்றனர். அது வணக்கம், நீக்க மனம் வருவதில்லை. இரண்டாவது நலவிசாரிப்பு, அதற்கும் மனம் வருவதில்லை. கீழிருந்து தொடங்குவதே எளிது. எழுதி முடித்த அஞ்சலில் ‘எனவே’, ‘ஆகவே’, ‘ஆதலால்’ என்ற சொற்களுள் ஒன்றைத் தேட வேண்டும். பெரும்பாலான வேண்டுகோள் அஞ்சல்களில் அச்சொல் ஒருமுறை வந்திருக்கும். அதற்கு அடுத்து இருப்பதே அஞ்சலின் உண்மையான தொடக்கம். மாணவியின் அஞ்சலிலும் பதினான்காவது தொடர் ‘எனவே’ என்றுதான் தொடங்குகிறது.

அத்தொடரை எடுத்து, அதில் யார், எதை, எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்ற மூன்றும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மாணவியின் தொடரில் நாள் இல்லை. அது அடுத்த தொடரில் ‘என்று நினைக்கிறேன்’ என்ற ஐயத்தோடு கிடக்கிறது. கடைசி நாளை உறுதிசெய்துகொள்வது கேட்பவரின் கடமை. உறுதிசெய்த பிறகு, கடைசி நாளுக்கு ஓரிரு நாள் முன்னதாகவே கேட்பது நன்று. விண்ணப்பம் முடியும் நாளில் இணையதளம் திணறுவது எவரும் அறியாததன்று.

இனி, அந்த வேண்டுகோளை முதல் தொடராகவே வைத்துவிடலாமா? ஒரே வகுப்பில் நாள்தோறும் பார்க்கும் ஆசிரியர் என்றால் வைக்கலாம். இங்கே பேராசிரியர் இவளுக்குக் கடந்த ஆண்டு பாடம் நடத்தியவர்; ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான முகங்களைக் காண்பவர். யார் கேட்கிறார் என்று தெரியாமல் அவரால் எதையும் முடிவு செய்ய இயலாது. இரண்டு தொடர் என்ற அளவுக்கு இதுவே காரணம். கேட்பவர் யார் என்பதற்கு ஒன்று. கேட்பது என்ன என்பதற்கு ஒன்று.

எஞ்சிய தொடர்களை என்ன செய்வது? ஒவ்வொன்றையும் எடுத்து, ‘இது இல்லாவிட்டால் பேராசிரியரால் முடிவெடுக்க முடியாதா, அல்லது கடிதம் எழுத முடியாதா?’ என்று கேட்க வேண்டும். வீட்டார் சம்மதித்தது இரண்டுக்கும் வேண்டியதில்லை. தோழி வழியாக அறிந்ததும் அப்படியே. வேதியியல் ஆசிரியரிடம் கேட்டிருப்பதும் இவருக்கு உதவாது. மன்னிப்புக் கேட்கும் தொடரைப் பற்றிச் சற்று நின்று யோசிக்கலாம். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்பவர், தொந்தரவைக் குறைக்க எதுவும் செய்யவில்லை. அதற்குப் பதிலாக, மறுப்பதற்கு ஒரு வழியைத் திறந்து வைத்தால் அதுவே மெய்யான பணிவு. ‘இயலாதெனில் இந்த நாளுக்குள் ஒரு வரி தெரிவித்தால் வேறோர் ஆசிரியரை அணுகுவேன்’ என்பது அவரைச் சங்கடத்திலிருந்து விடுவிக்கிறது. மாணவிக்கும் மாற்று வழி தேட நாள் கிடைக்கிறது.

இலைத்துளை பற்றிய தொடர் மட்டும் வேறு வகையானது. அது இப்போது ஆசிரியரைப் புகழும் தொடராக இருக்கிறது. பரிந்துரைக் கடிதம் எழுதுபவருக்குத் தம் வகுப்பு எவ்வளவு நன்றாக இருந்தது என்று எழுத வேண்டிய தேவை இல்லை. மாணவி என்ன செய்தாள் என்றுதான் எழுத வேண்டும். அந்த வகுப்பையொட்டிய ஆய்வகத்தில் அவள் இலைகளின் புறத்தோலை உரித்து, நுண்ணோக்கியில் இலைத்துளைகளை எண்ணியிருக்கிறாள். புகழ்ச்சியை நீக்கிவிட்டு அந்தச் செயலை வைத்தால், ஆசிரியருக்கு மாணவியும் நினைவுக்கு வருவாள், எழுதுவதற்கு ஒரு சான்றும் கிடைக்கும். ஆனால் அதன் இடம் வேண்டுகோளுக்குப் பின்னால்தான்.

பொருள் வரியையும் மாற்ற வேண்டும். பள்ளியில் கற்பிக்கப்படும் விண்ணப்ப வடிவத்தில் அனுப்புநர், பெறுநர் என்பவற்றுக்கு அடுத்துப் ‘பொருள்’ வருகிறது. வேண்டுகோளை முன்னால் சொல்லும் முறை மாணவர்களுக்குப் புதிதன்று. தேர்வில் மறவாமல் எழுதுபவர்களே மின்னஞ்சலில் அக்கட்டத்தை ‘வணக்கம்’ என்று நிரப்பிவிடுகின்றனர். அதிலும் ‘பரிந்துரைக் கடிதம் தொடர்பாக’ என்றால் தலைப்பு மட்டுமே தெரிகிறது. கடிதம் வந்ததா, வேண்டுமா, தவறா என்பது தெரியவில்லை. ‘வேண்டுதல்’ என்ற ஒரு சொல் அதைத் தெளிவாக்கிவிடும்.

இவ்வளவும் செய்த பின் அஞ்சல் இப்படி நிற்கிறது:

“பொருள்: பரிந்துரைக் கடிதம் வேண்டுதல் – நவம்பர் 28க்குள்

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

கடந்த ஆண்டு தங்களிடம் தாவர உடலியல் பயின்ற மூன்றாம் ஆண்டு மாணவி நான். கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்காக, நவம்பர் 28க்குள் எனக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதித் தர இயலுமா?

தாங்கள் இசைந்தால் பயிற்சி நிறுவனத்திலிருந்து தங்களுக்கு ஓர் இணைப்பு வரும். கடிதத்தை அதன் வழியே பதிவேற்ற வேண்டும். விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் நவம்பர் 30.

தங்கள் ஆய்வக வகுப்பில், வெயிலிலும் நிழலிலும் வளர்ந்த செம்பருத்தி இலைகளின் இலைத்துளைகளை எண்ணி ஒப்பிட்டேன். அந்தக் குறிப்பேட்டுப் பக்கங்களையும் மதிப்பெண் பட்டியலையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இயலாதெனில் நவம்பர் 14க்குள் ஒரு வரி தெரிவித்தால் வேறோர் ஆசிரியரை அணுகுவேன். தங்கள் வகுப்பே என்னை ஆய்வின் பக்கம் திருப்பியது. அதற்கு என் நன்றி.”

அதன்கீழ் பெயரும் பதிவெண்ணும் இடம்பெறும். நன்றி இதிலும் இருக்கிறது. இறுதிக்குச் சென்றதால் அது காரியத்திற்கான முன்னுரையாகத் தோன்றாமல், மனத்திலிருந்து வந்ததாகவே படிக்கப்படும். இதை அனுப்புமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். முதல் இரண்டு தொடர்களை மட்டும் காட்டி, மற்றவற்றைக் கையால் மறைத்துக்கொண்டு, இது பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். என்ன கேட்கப்படுகிறது, எந்த நாளுக்குள் என்ற இரண்டையும் அவர் சொல்லிவிட்டால் அஞ்சல் அனுப்பத்தக்கதே. மேலே கண்ட நீண்ட ஒற்றைத் தொடரையும் இதே சோதனைக்கு உட்படுத்தலாம். கேட்பது என்ன என்பதைச் சொல்ல அவர் ஒருமுறைக்கு இருமுறை படிப்பார். எந்த நாளுக்குள் என்பதை எத்தனை முறை படித்தாலும் சொல்ல முடியாது.

விதி செல்லாத இடங்கள்

இரங்கல் அஞ்சலில் வேண்டுகோள் முதலில் வரக்கூடாது. இரங்கலோடு ஒரு வேண்டுகோளைச் சேர்ப்பதே தகாது. துயரச் செய்தி சொல்லும்போதும் ஓரிரு சொற்கள் முன்னால் நின்று படிப்பவரைத் தாங்க வேண்டும். நடந்த ஒன்றை அறியாமல் வேண்டுகோளே விளங்காது என்ற நிலையும் உண்டு. மதிப்பெண் பட்டியலில் தந்தை பெயர் தவறாக அச்சாகியிருந்தால், தவறு இன்னது என்பது முதல் தொடரிலும், திருத்தம் கோருவது இரண்டாம் தொடரிலும் வருவதே இயல்பு. அங்கே முதல் தொடர் பீடிகை ஆகாது. அது வேண்டுகோளின் ஒரு பாதி.

இரண்டு வேண்டுகோள்கள் ஒரே அஞ்சலில் இருந்தாலும் இம்முறை தடுமாறும். முன்னால் வைத்தது நிறைவேறும். பின்னால் வைத்தது பீடிகைக்குப் பின் ஒளிந்த வேண்டுகோளைப் போலவே மறக்கப்படும். இரண்டாவது அஞ்சல் எழுதுவதே வழி. மேலும், நன்றாக வெட்டப்பட்ட அஞ்சலும் காலம் கடந்த வேண்டுகோளைக் காப்பாற்றாது. நவம்பர் 27ஆம் நாள் இரவில் 28க்குள் கடிதம் கேட்டால், அது முதல் தொடரில் இருந்தாலும் பதினான்காவது தொடரில் இருந்தாலும் மறுமொழி ஒன்றாகவே இருக்கும்.

வெட்டியெடுத்த தொடர்களுள் மாணவிக்கு மனம் வராமல் வெட்டியது தாத்தாவின் வயலைப் பற்றியதாகவே இருக்கும். அதைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. இத்தகைய பயிற்சி விண்ணப்பங்களில், ‘இத்துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்று கேட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்வது வழக்கம். தாத்தாவின் வயலை அறிய விரும்பிக் கேட்கும் ஒருவர் அங்கே இருக்கிறார். அந்தப் பக்கத்தின் முதல் தொடர் அதுவாகவே இருக்கலாம்.